ஒரே எண், நான்கு வேடம்



போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கிளையில் டியூஷன் வகுப்பு முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். எங்களிடம் எஸ்.பி.எம். படித்துவிட்டுப் போன தங்கை ஒருத்தி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கணினி அறிவியலில் முதலாம் ஆண்டு, முதல் செமஸ்டர். கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

"அண்ணே, கோர்ஸ் மாத்திக்கலாம்னு இருக்கேன்."

தாளை வாங்கிப் பார்த்தேன். குவிஸ். 20-க்கு 0. நான்கே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண், நான்கிலும் சிவப்புக் கோடு.

"லெக்சரர் சொன்னது எல்லாமே புரிஞ்சுச்சு அண்ணே. ஆனா போட்டா ஒண்ணுமே வரல. எனக்கு இது சரிப்படாதுன்னு நெனைக்கிறேன்."

கேள்விகளைப் படித்தேன். முதல் கேள்வி: 180-ஐ பைனரியில் எழுதுக. இரண்டாவது: 10110100 என்ற பைனரி எண்ணை ஆக்டலுக்கு மாற்றுக. மூன்றாவது: B4 என்ற ஹெக்ஸ் எண்ணை ஆக்டலுக்கு மாற்றுக. நான்காவது: 10000101, 00101111 இரண்டையும் கூட்டுக.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முறைத்தாள். "உன்னைப் பாத்துச் சிரிக்கல தங்கச்சி. உங்க லெக்சரர் ஒரே எண்ணுக்கு நாலு வேஷம் போட்டு அனுப்பியிருக்காரு. நாலும் 180-தான். நீ நாலு பேருக்கும் நாலு பேரு வெச்சிருக்க" என்றேன். அவள் எழுதியிருந்த விடைகளைப் பத்தடிமானத்துக்கு மாற்றினால் 45, 360, 92, 170 என்று வந்தது. 180 மட்டும் வரவில்லை.

அன்று ஒரு மணி நேரம் மண்டபத்தின் வெள்ளைப் பலகையில் நாங்கள் போட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த ஆண்டு பாலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ இதே பாடத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இங்கே பேசப்போவது குறி இல்லாத முழு எண்களைப் பற்றி மட்டும். கழித்தல் குறி உள்ள எண்கள் வேறு பாடம்.

வலது ஓரம் நகராது

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். பைனரி என்பது இரண்டடிமானம். 0, 1 என இரண்டே இலக்கங்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் பிட் என்று பெயர். ஆக்டல் எட்டடிமானம், 0 முதல் 7 வரை. ஹெக்ஸ் பதினாறடிமானம், 0 முதல் 9 வரை போக, பத்துக்கு A, பதினொன்றுக்கு B, இப்படியே பதினைந்துக்கு F.

நாம் சின்ன வயதிலிருந்து எழுதும் எண்களில் வலது ஓரம் ஒன்றுகளின் இடம், அதற்கு இடப்பக்கம் பத்து, அடுத்து நூறு. பைனரியிலும் வலது ஓரம் ஒன்றுகளின் இடம்தான். இடப்பக்கம் போகப் போக மதிப்பு இரண்டு இரண்டு மடங்காகும். எட்டு பிட்டுக்கு இப்படி இருக்கும்:

```
128  64  32  16   8   4   2   1
  1   0   1   1   0   1   0   0
```

1 இருக்கும் இடங்களை மட்டும் கூட்டுங்கள். 128, 32, 16, 4. மொத்தம் 180.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எண் எவ்வளவு பெரிதானாலும் வலது ஓரம் எப்போதும் ஒன்றுகளின் இடம். இடது ஓரம் அப்படியில்லை. அங்கே எத்தனை பூஜ்ஜியம் வேண்டுமானாலும் ஒட்டலாம், மதிப்பு மாறாது. 00010110100 என்று எழுதினாலும் 180-தான். வலப்பக்கம் ஒரே ஒரு பூஜ்ஜியம் ஒட்டினாலோ அது 360 ஆகிவிடும். அதனால் எந்த வேலையானாலும் நகராத பக்கமான வலது ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். தங்கையின் முதல் இரண்டு தவறுகளும் இதை மறந்ததால் வந்தவை.

முதல் கேள்வி: மீதியை எந்த வரிசையில் எழுதுவது?

180-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் வரும் மீதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஈவு 0 ஆகும்போது நிறுத்த வேண்டும்.

```
180 ÷ 2 = 90   0
 90 ÷ 2 = 45   0
 45 ÷ 2 = 22   1
 22 ÷ 2 = 11   0
 11 ÷ 2 =  5   1
  5 ÷ 2 =  2   1
  2 ÷ 2 =  1   0
  1 ÷ 2 =  0   1
```

தங்கை வகுத்ததில் ஒரு தப்பும் இல்லை. எட்டு மீதிகளும் சரி. அவற்றை மேலிருந்து கீழாகப் படித்து 00101101 என்று எழுதிவிட்டாள். அது 45.

"கீழேயிருந்து மேல படிக்கணும்னு லெக்சரர் சொன்னாரு அண்ணே. பரிச்சையில பதட்டத்துல மறந்துருச்சு."

மனப்பாடம் செய்ததால் மறந்தது. காரணம் தெரிந்தால் மறக்காது. முதல் வகுத்தலில் வரும் மீதி என்ன சொல்கிறது? 180-ஐ இரண்டிரண்டாகப் பிரித்தால் தனியாக ஏதாவது நிற்கிறதா என்று சொல்கிறது. தனியாக நிற்பது ஒன்றுகளின் இடத்துக்கு உரியது. ஆகவே முதல் மீதி வலது ஓரத்தில் உட்கார வேண்டும். அடுத்த வகுத்தல் அந்த இரண்டுகளை நான்குகளாகக் கட்டுகிறது. அதில் மிஞ்சுவது இரண்டுகளின் இடத்துக்குப் போகும். இப்படி ஒவ்வொரு மீதியும் இடப்பக்கமாக ஒரு படி தள்ளிப் போகும். கடைசி மீதி இடது ஓரத்துக்கு வரும். விடை 10110100.

பிழையைக் கண்டுபிடிக்கவும் ஒரு சுலபமான வழி உண்டு. இரட்டைப்படை எண்ணின் பைனரி 0-வில் முடிய வேண்டும், ஒற்றைப்படை எண்ணின் பைனரி 1-இல் முடிய வேண்டும். 180 இரட்டைப்படை. அவள் எழுதியது 1-இல் முடிந்திருந்தது. ஒரு பார்வை பார்த்திருந்தால் ஐந்து மதிப்பெண் தப்பியிருக்கும். இந்தச் சோதனை எல்லாப் பிழையையும் பிடிக்காது. தலைகீழாகப் படித்தாலும் கடைசி இலக்கம் தற்செயலாகச் சரியாக அமைந்துவிடலாம். நேரம் இருந்தால் இடமதிப்புகளைக் கூட்டிப் பார்ப்பதே உறுதியான வழி.

எட்டுத் தடவை வகுப்பது அலுப்பாக இருந்தால் பதினாறால் வகுக்கலாம். 180-ஐ பதினாறால் வகுத்தால் ஈவு 11, மீதி 4. அந்த 11-ஐ மறுபடி வகுத்தால் ஈவு 0, மீதி 11. பதினொன்று என்பது B. முதல் மீதி 4 வலது ஓரத்தில், B அதற்கு இடப்பக்கத்தில். B4 கிடைத்துவிட்டது. அதிலிருந்து பைனரிக்கு எப்படிப் போவது என்பது அடுத்த கேள்வியிலேயே வருகிறது.

இரண்டாவது கேள்வி: எந்தப் பக்கமிருந்து பிரிப்பது?

எட்டு என்பது இரண்டை மூன்று முறை பெருக்கியது. பதினாறு என்பது இரண்டை நான்கு முறை பெருக்கியது. அதனால் மூன்று பிட் சேர்ந்தால் சரியாக ஓர் ஆக்டல் இலக்கம். 000 முதல் 111 வரை, அதாவது 0 முதல் 7 வரை. நான்கு பிட் சேர்ந்தால் சரியாக ஒரு ஹெக்ஸ் இலக்கம். 0000 முதல் 1111 வரை, அதாவது 0 முதல் F வரை. வகுத்தலே வேண்டாம். பிரித்துப் பெயர் வைத்தால் போதும்.

தங்கையும் மூன்று மூன்றாகத்தான் பிரித்திருந்தாள். ஆனால் இடப்பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தாள்: 101, 101, 00. விடை 550 என்று எழுதியிருந்தாள்.

"பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு மேல ஒரு தொகை. பன்னிரண்டாயிரத்து முந்நூத்தி நாப்பத்தஞ்சு. எப்படி எழுதுவ?" என்று கேட்டேன். பலகையில் 12,345 என்று எழுதினாள். "ஏன் 123,45-ன்னு எழுதல?" "வலப்பக்கமிருந்துதானே மூணு மூணா எண்ணணும்" என்றவள், அப்படியே நிறுத்திவிட்டுத் தன் தாளைப் பார்த்தாள்.

அதே காரியம்தான் இங்கேயும். வலது ஓரத்திலிருந்து மூன்று மூன்றாக வாருங்கள். இடப்பக்கத்தில் இரண்டு பிட் மட்டும் மிஞ்சினால், முன்னால் ஒரு பூஜ்ஜியம் ஒட்டி மூன்றாக்கிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒட்டும் பூஜ்ஜியத்தால் கெடுதல் இல்லை என்று முன்பே பார்த்தோம்.

```
010 110 100
 2   6   4
```

விடை ஆக்டலில் 264. இரண்டு அறுபத்துநான்கு 128, ஆறு எட்டு 48, அதோடு 4. மொத்தம் 180.

அவள் எழுதிய 550 தவறு என்பதை மாற்றிப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். எட்டு பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 11111111, அதாவது 255. அதை மூன்று மூன்றாகப் பிரித்தால் 11, 111, 111, ஆக்டலில் 377. ஆகவே எட்டு பிட் எண்ணை ஆக்டலில் எழுதினால், மூன்று இலக்கத்தில் முதல் இலக்கம் 3-ஐத் தாண்டவே முடியாது. 5 என்று வந்தால் பிரித்த பக்கம் தப்பு.

ஹெக்ஸுக்கு இதே எண்ணை நான்கு நான்காகப் பிரித்தால் 1011, 0100. முதலாவது 8, 2, 1 சேர்ந்து 11, அதாவது B. இரண்டாவது 4. ஆக B4. இங்கே எட்டு பிட் சரி பாதியாக விழுந்துவிடுகிறது, ஒட்டுப்போட வேண்டியதில்லை. இன்று ஒரு பைட் என்பது எட்டு பிட். ஒரு பைட்டுக்கு எப்போதும் இரண்டே ஹெக்ஸ் இலக்கம் என்பதால்தான் நிறங்களின் குறியீடும் நினைவக முகவரியும் ஹெக்ஸில் எழுதப்படுகின்றன.

"அப்புறம் ஆக்டலை எதுக்கு அண்ணே இன்னும் படிக்கச் சொல்றாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் கணினிகளின் சொல் நீளம் 12, 18, 36 பிட் என்று மூன்றால் வகுபடும் அளவுகளில் இருந்தது. 1965-இல் வந்த பி.டி.பி.-8 என்ற கணினிக்குப் பன்னிரண்டு பிட். சரியாக நான்கு ஆக்டல் இலக்கம். இன்றும் லினக்ஸில் ஒரு கோப்புக்கு அனுமதி கொடுக்கும்போது ஆக்டல்தான் எழுதுகிறோம்.

```
chmod 755 kanakku.sh
```

7 என்பது 111, 5 என்பது 101. மூன்று பிட்டும் வரிசையாகப் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற மூன்று அனுமதிகள். முதல் இலக்கம் கோப்பின் உரிமையாளருக்கு, இரண்டாவது அவருடைய குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லாருக்கும். உரிமையாளருக்கு மூன்றும் உண்டு. மற்றவர்களுக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டும். மூன்று மூன்றாக அமைந்த ஒன்றுக்கு ஆக்டல்தான் பொருந்தி வரும்.

மூன்றாவது கேள்வி: குறுக்கு வழி கிடையாது

B4-ஐ ஆக்டலுக்கு மாற்றச் சொன்ன இடத்தில் தங்கை ஒரு குறுக்கு வழி பிடித்திருந்தாள். B என்பது பதினொன்று. பதினொன்று ஆக்டலில் 13. 4 என்பது ஆக்டலிலும் 4. இரண்டையும் ஒட்டி 134. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆக்டல் 134 என்பது 92.

ஏன் தப்பு? ஹெக்ஸின் வேலி நான்கு பிட்டுக்கு ஒரு தடவை வருகிறது. ஆக்டலின் வேலி மூன்று பிட்டுக்கு ஒரு தடவை. ஒரே நிலத்தில் இரண்டு விதமாக வேலி போட்டது மாதிரி. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள்:

```
 1011 | 0100
10 | 110 | 100
```

கீழ்வரிசையில் நடுவில் இருக்கும் 110-ஐப் பாருங்கள். அதில் முதல் இரண்டு பிட் B-யிலிருந்து வந்தவை, கடைசி 0 மட்டும் 4-இலிருந்து வந்தது. ஆக்டலின் 6 என்ற இலக்கம் இரண்டு ஹெக்ஸ் இலக்கங்களுக்கும் பொதுவாக நிற்கிறது. B-யைத் தனியாகவும் 4-ஐத் தனியாகவும் மாற்றினால் அந்த 6 பிறக்க வழியே இல்லை.

ஆகவே ஹெக்ஸிலிருந்து ஆக்டலுக்கோ, ஆக்டலிலிருந்து ஹெக்ஸுக்கோ போக வேண்டுமானால் பைனரி வழியாகப் போங்கள். முதலில் ஒவ்வோர் இலக்கத்தையும் பிட்டுகளாக விரியுங்கள். வேலியை எடுத்துவிடுங்கள். வலது ஓரத்திலிருந்து புதிய வேலி போடுங்கள். விரிக்கும்போது கவனம் தேவை: 4 என்பதை ஹெக்ஸில் 0100 என்று நான்கு பிட்டாக எழுத வேண்டும். 100 என்று சுருக்கி எழுதினால் 1011100 என்று ஏழு பிட்டாகிவிடும், அது 92. தங்கைக்குக் கிடைத்த அதே 92! நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்தைத் தின்றதுதான் அவளுடைய குறுக்கு வழியின் உள்ளே நடந்த தவறு. இடது ஓரப் பூஜ்ஜியத்தை விடலாம், நடுவில் இருப்பதை விடக்கூடாது.

நான்காவது கேள்வி: கையில் ஒன்று

பைனரிக் கூட்டலுக்கு நான்கு வரிகள் தெரிந்தால் போதும். 0-உம் 0-உம் 0. 0-உம் 1-உம் 1. 1-உம் 1-உம் இரண்டு. இரண்டுக்குப் பைனரியில் 10, ஆகவே 0 போட்டு கையில் ஒன்று. கையில் இருப்பதோடு 1-உம் 1-உம் சேர்ந்தால் மூன்று. மூன்றுக்கு 11, ஆகவே 1 போட்டு கையில் ஒன்று. இந்தக் ‘கையில் ஒன்று’ என்பதைத்தான் வகுப்பில் கேரி என்கிறார்கள். எண்ணிப் பாருங்கள், தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டிலேயே நாம் செய்தது. அங்கே பத்து சேர்ந்தால் கையில் ஒன்று, இங்கே இரண்டு சேர்ந்தாலே கையில் ஒன்று.

தங்கை 1-உம் 1-உம் 0 என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டாள். கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டாள். அதனால் 10101010 என்று வந்தது, அதாவது 170. சரியாகப் போட்டால் இப்படி இருக்கும். மேல் வரி கையில் இருப்பது:

```
  0001 1110
  1000 0101
+ 0010 1111
-----------
  1011 0100
```

வலது ஓரத்திலிருந்து நடந்து வருவோம். முதல் இடத்தில் 1-உம் 1-உம். 0 போட்டு கையில் ஒன்று. இரண்டாவது இடத்தில் 0, 1, கையில் இருக்கும் 1. மறுபடியும் 0 போட்டு கையில் ஒன்று. மூன்றாவதில் 1, 1, கையில் 1. இப்போது மூன்று, 1 போட்டு கையில் ஒன்று. நான்காவதில் 0, 1, கையில் 1; 0 போட்டு கையில் ஒன்று. ஐந்தாவதில் இரண்டு எண்ணிலும் 0, கையில் மட்டும் 1. அதைக் கீழே இறக்கினால் 1, கை காலி. ஆறாவதில் 0, 1, விடை 1. ஏழாவதில் இரண்டும் 0. எட்டாவதில் 1, 0, விடை 1.

தங்கை ஐந்தாவது இடத்திலும் தடுமாறியிருந்தாள். "ரெண்டும் சைபர்தானே, அதான் சைபர் போட்டுட்டேன்" என்றாள். கையில் இருப்பதை மனதில் வைத்துக்கொள்ளாமல் மேலே சின்னதாக எழுதிவைத்தால் இந்தத் தவறு வராது. குவிஸ் தாளில் அதற்கு இடம் இருக்கிறது, யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை.

விடை சரியா என்று பார்க்க அதே கணக்கை ஹெக்ஸில் போடலாம். 1000 0101 என்பது 85. 0010 1111 என்பது 2F. வலது ஓரத்தில் 5-உம் F-உம், அதாவது ஐந்தும் பதினைந்தும் இருபது. இருபதில் ஒரு பதினாறு போக 4. 4 போட்டு கையில் ஒன்று. அடுத்து 8, 2, கையில் 1. பதினொன்று, அதாவது B. விடை B4. பைனரியில் எட்டு படி நடந்தது ஹெக்ஸில் இரண்டே படி. இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போகலாம்.

எட்டு பிட்டுக்கு மேல் போனால்

இதையெல்லாம் முடித்த பிறகு, "இப்ப அந்த 180-ஓட இன்னொரு 100 கூட்டு" என்றேன். 100 என்பது 0110 0100.

```
  1011 0100
+ 0110 0100
-----------
1 0001 1000
```

ஒன்பதாவதாக ஒரு 1 வந்து நின்றது. தாளில் எழுதும்போது அதற்கு இடம் உண்டு. விடை 280, சரியான விடைதான். ஆனால் எட்டே பிட் உள்ள பெட்டியில் வைத்தால் அந்த 1-க்கு இடமில்லை. அது வெளியே விழுந்துவிடும். உள்ளே தங்குவது 0001 1000, அதாவது 24. பழைய மோட்டார் சைக்கிளின் மீட்டர் 99999-ஐத் தாண்டினால் மறுபடி 00000 ஆவது போல. சி மொழியில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```c
unsigned char a = 180, b = 100;
unsigned char c = a + b;
printf("%d\n", c);
```

திரையில் 24 வரும். பிழை என்று எந்தச் செய்தியும் வராது. அதுதான் இதில் ஆபத்து. எப்படிக் கண்டுபிடிப்பது? குறி இல்லாத இரண்டு எண்களைக் கூட்டி வரும் விடை, கூட்டிய எண்களில் எதையாவது விடச் சிறியதாக இருந்தால் ஒரு பிட் வெளியே விழுந்திருக்கிறது என்று அர்த்தம். 24 என்பது 180-ஐ விடச் சிறியது. வெளியே விழுந்த பிட்டின் மதிப்பு 256. 24-ஓடு அதைச் சேர்த்தால் 280. கணக்கு நேராகிவிடும். பரிச்சையில் ‘எட்டு பிட்டில் விடை தருக’ என்று இருக்கிறதா, வெறுமனே ‘கூட்டுக’ என்று இருக்கிறதா என்பதைப் படித்துவிட்டு எழுதுங்கள். முதலாவதில் ஒன்பதாவது பிட்டை விட்டுவிட்டு, அது விழுந்ததைக் குறிப்பிட வேண்டும். இரண்டாவதில் அதையும் எழுத வேண்டும்.

இந்த 180 எங்கே இருக்கிறது?

பலகையை அழிப்பதற்கு முன் ஒன்று காட்டினேன். யூனிகோடில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, அதை ஹெக்ஸில்தான் எழுதுவார்கள். அ என்ற எழுத்துக்கு U+0B85. அவளுடைய நான்காவது கேள்வியின் முதல் எண் 85-தானே? அதோடு 2F, அதாவது 47 கூட்டினால் 0BB4. அது எந்த எழுத்து என்று பைத்தானில் கேட்டோம்.

```python
print(chr(0x0B85 + 0x2F))
print(bin(0xBB4), oct(0xBB4))
```

முதல் வரிக்குத் திரையில் வந்தது ழ. இரண்டாவது வரிக்கு வந்தது 0b101110110100, 0o5664. அ-விலிருந்து 47 இடம் தள்ளி ழ இருக்கிறது. நடுவில் எழுத்து வைக்கப்படாத காலி இடங்களும் உண்டு. இந்தப் பன்னிரண்டு பிட்டை மூன்று மூன்றாகப் பிரித்தால் 101, 110, 110, 100, ஆக்டலில் 5664. நான்கு நான்காகப் பிரித்தால் 1011, 1011, 0100, ஹெக்ஸில் BB4. பைத்தான் சொன்னதும் நாம் கையால் பிரித்ததும் ஒன்றே.

"அப்ப நான் தினமும் வாட்சாப்ல அனுப்புற ‘ழ’வோட கடைசி பாதிதானா இந்த 180?" என்றாள். ஆமாம், அந்த எண்ணின் கடைசி எட்டு பிட்.

கோர்ஸ் மாற்றுவதைப் பற்றி அன்று அதற்கு மேல் பேசவில்லை. தாளின் பின்பக்கத்தில் நான்கு கேள்விகளையும் அவளே மறுபடி போட்டாள். நான்கிலும் 180 வந்தது. அடுத்த வாரம் வேறு கேள்விகளோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள், வந்தும் விட்டாள்.

அவளுக்குக் கொடுத்த பயிற்சி நான்கும் உங்களுக்கும். கால்குலேட்டரைத் தள்ளி வைத்துவிட்டுப் போடுங்கள்.

1. க என்ற எழுத்தின் யூனிகோட் எண் 0B95. இதை ஆக்டலில் எழுதுக.
2. ஆக்டல் 1234-ஐ ஹெக்ஸில் எழுதுக.
3. 0101 1010, 0011 0111 இரண்டையும் கூட்டி, விடையை ஹெக்ஸிலும் ஆக்டலிலும் எழுதுக.
4. 1100 1000, 0100 1011 இரண்டையும் கூட்டி, எட்டு பிட்டில் விடை தருக. ஏதாவது வெளியே விழுந்ததா?

விடைகள்: முதலாவது 5625. இரண்டாவது 29C. மூன்றாவது 1001 0001. ஹெக்ஸில் 91, ஆக்டலில் 221. நான்காவது 0001 0011, அதாவது 19. ஒன்பதாவது பிட் ஒன்று வெளியே விழுந்தது, முழு விடை 275.

விடை வரவில்லையென்றால் கோபப்படாமல் மூன்றைப் பாருங்கள்: வலது ஓரத்திலிருந்து தொடங்கினீர்களா, நடுவில் பூஜ்ஜியத்தை விட்டீர்களா, கையில் இருந்ததைக் கீழே போட்டீர்களா. அதற்கும் பிடிபடவில்லையென்றால் தாளோடு சனிக்கிழமை சாயங்காலம் கிளைக்கு வாருங்கள். நாற்காலி அடுக்குவதற்கு முன் வந்தால் நல்லது.